எதிர்பார்க்கும் கொள்முதலுக்கு ஃபார்வர்டு ஒப்பந்தம்: கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வ் பதிவுகளைப் படிப்படியாகப் போடுவது எப்படி

வெளிநாட்டு நாணயத்தில் ஓர் இயந்திரம் வாங்கப் போகிறோம். இன்னும் வாங்கவில்லை. விலை ஏறிவிடாமல் இருக்க வங்கியோடு ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டாயிற்று. ஐஎஃப்ஆர்எஸ் 9-ன் கீழ் இதற்குப் போட வேண்டிய பதிவுகள் ஐந்தாறுதான். ஆனாலும் இந்தக் கணக்கில் புதியவர்கள் தவறுவது வழக்கம். காரணம் பெரும்பாலும் பதிவுகள் அல்ல, அவற்றுக்கு முன் செய்ய வேண்டிய வேலையின் வரிசை. ஒப்பந்தத்தின் ஆதாய நட்டத்தைக் கொள்முதல் வரை ஈக்விட்டியில் வைத்திருக்கும் இந்த ரிசர்வில் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பதிவுக்கு வர வேண்டும். பதிவிலிருந்து தொடங்கினால் ரிசர்வின் இருப்பு எதற்கும் பொருந்தாமல் நிற்கும்.

கீழே ஒரே உதாரணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுபோகிறோம். பிறகு அதே எண்களில் இரண்டு மாற்றங்கள்: ஆவணம் தாமதமான நிலை, கொள்முதல் அளவு குறைந்த நிலை. வரியின் தாக்கத்தைச் சேர்க்கவில்லை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு தகவல்கள் வேண்டும்: ஒப்பந்த விகிதம், ஒவ்வொரு அறிக்கைத் தேதியிலும் அதே முதிர்வு நாளுக்கான சந்தை ஃபார்வர்டு விகிதம், கழிவு செய்வதற்கான வட்டி விகிதம், கொள்முதல் நாளின் ஸ்பாட் விகிதம்.

இரண்டாவது தகவலில்தான் முதல் தவறு நடக்கிறது. டிசம்பர் 31 அன்று மார்ச் 31 ஒப்பந்தத்தை மதிப்பிட, அன்றைய மூன்று மாத ஃபார்வர்டு விகிதம் வேண்டும். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குப் போட்டது என்பதற்காக அன்றைய ஆறு மாத விகிதத்தை எடுத்தால் அது ஜூன் 30-க்கான விலை. அந்த நாளில் நமக்கு எந்த வேலையும் இல்லை.

இன்னொரு கேள்விக்கும் முன்கூட்டியே விடை வேண்டும். ஹெட்ஜ் கருவியாகக் குறிப்பது முழு ஃபார்வர்டையா, அதன் ஸ்பாட் பகுதியை மட்டுமா? ஸ்பாட் பகுதியை மட்டும் குறித்தால் ஃபார்வர்டு பகுதியின் மாற்றத்தைத் தனியாகக் கையாள வேண்டும், ரிசர்விலும் வேறு எண் வரும். இங்கே முழு ஃபார்வர்டும் குறிக்கப்பட்டதாகக் கொள்கிறோம். கொள்முதல் நாளும் முதிர்வு நாளும் ஒன்றாக இருக்கும்போது இதுதான் எளிய வழி.

## 2. ஆவணம் முதலில்

ஹெட்ஜ் அக்கவுண்டிங் தானாகத் தொடங்குவதில்லை. உறவு தொடங்கும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்: கருவி எது, காக்கப்படும் கொள்முதல் எது, எந்த இடர், பயன்திறனை எப்படி மதிப்பிடுவோம், ஹெட்ஜ் விகிதம் என்ன, பயனற்ற பகுதி எங்கிருந்து வரக்கூடும். பின்தேதியிட்ட ஆவணம் செல்லாது. ஆவணம் முடிந்த நாளிலிருந்துதான் ரிசர்வுக்கு வழி திறக்கும். அதற்கு முந்தைய மதிப்பு மாற்றம் முழுவதும் லாப நட்டக் கணக்குக்கே போகும். ஒரு சில நாள் தாமதம் என்ன செய்கிறது என்பதை 7-ஆம் பகுதியில் எண்ணோடு பார்க்கலாம்.

கொள்முதலை இனம் காணும்படி எழுத வேண்டும். ‘வரும் நிதியாண்டின் டாலர் கொள்முதல்கள்’ என்று எழுதினால், ஒரு கொள்முதல் நடக்கும்போது அது காக்கப்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘மார்ச்சில் நடக்கும் இயந்திரக் கொள்முதலின் முதல் 10 லட்சம் டாலர்’ என்பது போதும்.

அந்தக் கொள்முதல் நடக்கும் வாய்ப்பு மிக அதிகமாக இருக்க வேண்டும். நிர்வாகத்தின் எண்ணம் மட்டும் இதற்குச் சான்று ஆகாது. ஒப்புதல் பெற்ற மூலதனச் செலவுத் திட்டம், விற்பனையாளரோடு நடந்த பேச்சுவார்த்தை, ஒதுக்கிய நிதி, இதுபோன்ற கடந்த காலத் திட்டங்கள் எத்தனை நிறைவேறின என்ற பதிவு ஆகியவைதான் சான்று.

பயன்திறன் சோதனையில் 80 முதல் 125 சதவீதம் என்ற வரம்பைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முந்தைய தரமான ஐஏஎஸ் 39-ன் விதி. ஐஎஃப்ஆர்எஸ் 9 கேட்பது மூன்று: காக்கப்படும் இனத்துக்கும் கருவிக்கும் பொருளாதாரத் தொடர்பு, கடன் இடர் அந்தத் தொடர்பை விழுங்கிவிடாமல் இருப்பது, உண்மையில் பயன்படுத்தும் அளவுகளுக்கு ஏற்ற ஹெட்ஜ் விகிதம். தொகை, நாணயம், தேதி மூன்றும் பொருந்தும் ஃபார்வர்டுக்கு இதை விளக்கிச் சொன்னாலே போதும்.

## 3. உதாரணத்தின் எண்கள்

அக்டோபர் 1 அன்று, மார்ச் 31-ல் 10 லட்சம் டாலர் வாங்க ஒப்பந்தம். ஒரு டாலருக்கு உள்நாட்டு நாணயத்தில் 4.10. அதுவே அன்றைய சந்தை ஃபார்வர்டு விகிதம் என்பதால் தொடக்க நியாய மதிப்பு சுழியம். ஆவணமும் அன்றே முடிந்தது.

டிசம்பர் 31 அறிக்கைத் தேதி. அன்று மார்ச் 31-க்கான ஃபார்வர்டு விகிதம் 4.25. ஆண்டு வட்டி 8 சதவீதம், மூன்று மாதத்துக்கு 2 சதவீதம்.

மார்ச் 31 அன்று இயந்திரம் வருகிறது, 10 லட்சம் டாலர் அன்றே செலுத்தப்படுகிறது. ஸ்பாட் விகிதம் 4.20. இதற்குப் பிறகு வரும் தொகைகள் எல்லாம் உள்நாட்டு நாணயத்தில்.

## 4. முதலில் கருவியை மதிப்பிடுங்கள்

ஹெட்ஜ் அக்கவுண்டிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபார்வர்டு ஒரு டெரிவேடிவ். இருப்புநிலைக் குறிப்பில் அது நியாய மதிப்பில்தான் நிற்கும். ஹெட்ஜ் அக்கவுண்டிங் மாற்றுவது அந்தப் பதிவின் மறுபக்கத்தை மட்டுமே. இது மனதில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

```
நியாய மதிப்பு = (சந்தை ஃபார்வர்டு − ஒப்பந்த விகிதம்) × டாலர் ÷ (1 + வட்டி)

டிசம்பர் 31: (4.25 − 4.10) × 10,00,000 ÷ 1.02 = 1,47,059
மார்ச் 31:   (4.20 − 4.10) × 10,00,000        = 1,00,000
```

மார்ச் 31-ல் கழிவு இல்லை, ஃபார்வர்டு விகிதமும் ஸ்பாட் விகிதமும் ஒன்றாகிவிடும். டிசம்பரில் கழிவு செய்ய மறந்து 1,50,000 என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஆதாயம் மூன்று மாதம் கழித்துத்தான் கையில் வரும், எனவே இன்றைய மதிப்பு அதைவிடக் குறைவு.

## 5. ரிசர்வின் இருப்பை முடிவு செய்யுங்கள்

ரிசர்வில் நிற்க வேண்டியது இரண்டு தொகைகளில் சிறியது. ஒன்று, ஹெட்ஜ் தொடங்கியதிலிருந்து கருவி கண்ட மொத்த ஆதாயம் அல்லது நட்டம். மற்றது, அதே காலத்தில் காக்கப்படும் கொள்முதலின் நியாய மதிப்பில் வந்த மொத்த மாற்றம். குறியை விட்டுவிட்டு, அளவில் எது சிறியது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவதை அளக்க ‘கற்பனை டெரிவேடிவ்’ பயன்படும். கொள்முதலின் தேதிக்கும் தொகைக்கும் அச்சாகப் பொருந்தி, ஹெட்ஜ் தொடங்கிய நாளில் மதிப்பு சுழியமாக இருந்திருக்கக்கூடிய ஒரு ஃபார்வர்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மதிப்பு எவ்வளவு மாறியிருக்கும் என்பதே கொள்முதலின் மதிப்பு மாற்றம், எதிர்க் குறியோடு.

நம் உதாரணத்தில் உண்மை ஒப்பந்தமும் கற்பனை ஒப்பந்தமும் ஒன்றே. எனவே இருபுறமும் டிசம்பரில் 1,47,059, மார்ச்சில் 1,00,000. பயனற்ற பகுதி எதுவும் இல்லை.

இங்கே ‘மொத்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்பீடு ஹெட்ஜ் தொடங்கிய நாளிலிருந்து, அந்தக் காலாண்டுக்கு மட்டும் அல்ல. ஓசிஐ-க்கு, அதாவது லாப நட்டக் கணக்குக்கு வெளியே காட்டப்படும் பிற விரிவான வருமானத்துக்கு, போகும் தொகை இதிலிருந்து கிடைக்கும் வித்தியாசம்தான்: இப்போது இருக்க வேண்டிய இருப்பிலிருந்து முன்பு இருந்த இருப்பைக் கழித்தால் வருவது.

## 6. பதிவுகள்

அக்டோபர் 1: மதிப்பு சுழியம், பதிவு இல்லை. 41 லட்சத்தை எங்காவது எழுத வேண்டும் என்று தோன்றும். எழுதக் கூடாது. பணமும் கைமாறவில்லை, சொத்தும் வரவில்லை.

டிசம்பர் 31:

- பற்று: ஃபார்வர்டு சொத்து 1,47,059
- வரவு: ஓசிஐ, கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வ் 1,47,059

மார்ச் 31, கருவியின் மறுமதிப்பீடு. மதிப்பு 1,00,000-க்கு இறங்கியது:

- பற்று: ஓசிஐ, கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வ் 47,059
- வரவு: ஃபார்வர்டு சொத்து 47,059

மார்ச் 31, ஒப்பந்தம் தீர்வாகிறது. வங்கிக்கு 41 லட்சம் கொடுத்து, 42 லட்சம் பெறுமானமுள்ள டாலரைப் பெறுகிறோம்:

- பற்று: டாலர் வங்கிக் கணக்கு 42,00,000
- வரவு: உள்நாட்டு வங்கிக் கணக்கு 41,00,000
- வரவு: ஃபார்வர்டு சொத்து 1,00,000

மார்ச் 31, கொள்முதல், ஸ்பாட் விகிதத்தில்:

- பற்று: இயந்திரம் 42,00,000
- வரவு: டாலர் வங்கிக் கணக்கு 42,00,000

இயந்திரத்தை நேராக 41 லட்சத்துக்கு எழுதினால் கடைசி எண் சரியாகத்தான் வரும், ஆனால் ரிசர்வில் 1,00,000 அநாதையாக நிற்கும். வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனை நடந்த நாளின் ஸ்பாட் விகிதத்தில்தான் பதிவாக வேண்டும். ஹெட்ஜ் அதன் பிறகு தனிப் பதிவாக வரும்:

- பற்று: கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வ் 1,00,000
- வரவு: இயந்திரம் 1,00,000

இப்போது இயந்திரத்தின் அடக்கம் 41,00,000, அதாவது 10 லட்சம் டாலர், 4.10 விகிதத்தில். ரிசர்வ் சுழியம். இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் எண்கள் சரி.

இந்தக் கடைசிப் பதிவுக்கு பேசிஸ் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். இது ரிசர்விலிருந்து நேராகச் சொத்துக்குப் போகிறது, ஓசிஐ வழியாகப் போவதில்லை. அதனால் ஓசிஐ அறிக்கையில் மறுவகைப்படுத்தலாக இதைக் காட்டக் கூடாது, ஈக்விட்டி மாற்ற அறிக்கையில்தான் வரும். டிசம்பர், மார்ச் மறுமதிப்பீட்டுப் பதிவுகள் ஓசிஐ-யில் வரும், இது வராது. ஒரே ரிசர்வைத் தொடும் பதிவுகள் என்பதால் இந்த வேறுபாடு எளிதில் தவறிப்போகிறது.

ரிசர்வை ஈக்விட்டியிலேயே வைத்துக்கொண்டு, தேய்மானத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் லாப நட்டக் கணக்குக்கு மாற்றும் விடைகளைப் பழைய குறிப்புகளில் பார்க்கலாம். நிதிசாராச் சொத்துகளுக்கு அந்தத் தேர்வை ஐஏஎஸ் 39 கொடுத்தது. ஐஎஃப்ஆர்எஸ் 9-ல் அது இல்லை, சொத்தின் அடக்கத்தில் சேர்ப்பது கட்டாயம். ஆதாயம் தேய்மானம் குறைவதன் வழியாகத் தானாகவே லாப நட்டத்தை அடையும்.

ஸ்பாட் விகிதம் 3.90-க்கு இறங்கியிருந்தால் பதிவுகள் திசை மாறும். ஃபார்வர்டு 2,00,000 பொறுப்பாகும், ரிசர்வ் பற்று இருப்பாகும், இயந்திரம் 39,00,000-ல் பதிவாகி 2,00,000 கூடும். அடக்கம் மீண்டும் 41,00,000. இங்கே ஒரு கூடுதல் சோதனை உண்டு. ரிசர்வில் நிற்கும் நட்டத்தில் எந்தப் பகுதியையாவது வருங்காலத்தில் மீட்க முடியாது என்று தெரிந்தால், அந்தப் பகுதியை உடனே லாப நட்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

## 7. ஆவணம் தாமதமானால்

இதே ஒப்பந்தம், அக்டோபர் 1-ல் 4.10-க்கே போட்டது. ஆனால் ஆவணம் அக்டோபர் 15-ல்தான் முடிந்தது. அன்று மார்ச் 31-க்கான ஃபார்வர்டு விகிதம் 4.12. முதிர்வுக்கு ஐந்தரை மாதம் இருக்கிறது, கழிவு 3.667 சதவீதம். ஒப்பந்தத்தின் மதிப்பு 20,000 ÷ 1.03667, அதாவது 19,293.

இந்த 19,293 ஹெட்ஜுக்கு முந்தையது. பற்று ஃபார்வர்டு சொத்து, வரவு லாப நட்டக் கணக்கு. ரிசர்வுக்கு இதில் பங்கு இல்லை.

அடுத்து கற்பனை டெரிவேடிவ். அது அக்டோபர் 15-ல் சுழிய மதிப்போடு தொடங்க வேண்டும், எனவே அதன் விகிதம் 4.12. உண்மை ஒப்பந்தமோ 4.10. இரண்டும் இனி ஒன்றல்ல.

| | உண்மை ஒப்பந்தம், அக். 15 முதல் மாற்றம் | கற்பனை ஒப்பந்தம், மாற்றம் | ரிசர்வில் இருக்க வேண்டியது |
|---|---|---|---|
| டிசம்பர் 31 | 1,27,766 | 1,27,451 | 1,27,451 |
| மார்ச் 31 | 80,707 | 80,000 | 80,000 |

டிசம்பர் 1,27,766 என்பது 1,47,059-லிருந்து 19,293-ஐக் கழித்தது. 1,27,451 என்பது (4.25 − 4.12) × 10,00,000 ÷ 1.02. மார்ச் எண்களும் அதே வழியில் வருகின்றன.

டிசம்பர் 31:

- பற்று: ஃபார்வர்டு சொத்து 1,27,766
- வரவு: ரிசர்வ் 1,27,451
- வரவு: லாப நட்டக் கணக்கு 315

மார்ச் 31:

- பற்று: ரிசர்வ் 47,451
- வரவு: ஃபார்வர்டு சொத்து 47,059
- வரவு: லாப நட்டக் கணக்கு 392

இயந்திரம் 42,00,000-லிருந்து 80,000 குறைந்து 41,20,000-ல் நிற்கும். லாப நட்டத்துக்கு மொத்தம் 19,293 + 315 + 392 = 20,000 போயிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒப்பந்தத்தின் முழு ஆதாயமான 1,00,000 கிடைக்கும். 315-ம் 392-ம் எங்கிருந்து வந்தன? 19,293 முதிர்வு நாளில் 20,000 ஆக வளர வேண்டும், அந்த வட்டி வளர்ச்சிதான் இது. கொள்முதலில் அதற்கு ஈடான அசைவு எதுவும் இல்லை.

மார்ச் காலாண்டை மட்டும் தனியாக ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். கருவி 47,059 இறங்கியது, கொள்முதல் பக்கம் 47,451 இறங்கியது, சிறியது 47,059. ரிசர்விலிருந்து அதைக் கழித்தால் 80,392 நிற்கும். கொள்முதலின் மொத்த மதிப்பு மாற்றமே 80,000தான் என்னும்போது, ரிசர்வ் அதற்கு மேல் நிற்க முடியாது. விடையில் இப்படி ஒரு சிறிய மிச்சம் கண்ணில் பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காலாண்டு ஒப்பீட்டைத்தான்.

## 8. கொள்முதல் குறைந்தால் அல்லது நின்றுபோனால்

மீண்டும் முதல் உதாரணம். டிசம்பர் 31-ல் ரிசர்வ் 1,47,059. அன்றே, இயந்திரத்தின் சில பாகங்கள் வேண்டாம் என்று முடிவாகிக் கொள்முதல் 9 லட்சம் டாலராகக் குறைகிறது. மீதி 1 லட்சம் இனி நடக்காது.

முழு ஹெட்ஜையும் முடித்துவிடத் தேவையில்லை. நடக்காத அளவுக்கு மட்டும் உறவு முடிகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு, 14,706, ரிசர்விலிருந்து லாப நட்டக் கணக்குக்கு உடனே மறுவகைப்படுத்தப்படும். இது ஓசிஐ-யில் தெரியும் மறுவகைப்படுத்தல், பேசிஸ் அட்ஜஸ்ட்மென்ட் அல்ல. அதன் பிறகு ஃபார்வர்டின் பத்தில் ஒரு பங்கு சாதாரண டெரிவேடிவ், அதன் அசைவு லாப நட்டத்துக்கே போகும்.

மார்ச்சில் அந்தப் பங்கு 4,706 இறங்கும், நிகரமாக லாபம் 10,000. மீதி ஒன்பது பங்கின் ரிசர்வ் 90,000. இயந்திரம் 9,00,000 × 4.20 = 37,80,000, அதில் 90,000 கழித்தால் 36,90,000. டாலருக்கு 4.10 என்ற விகிதம் அப்படியே நிற்கிறது.

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொள்முதல் ‘நடக்கும் வாய்ப்பு மிக அதிகம்’ என்ற நிலையிலிருந்து இறங்கி, ஆனாலும் நடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டால், ஹெட்ஜ் அக்கவுண்டிங் அன்றோடு நிற்கும். ஏற்கெனவே ரிசர்வில் உள்ள தொகை கொள்முதல் வரை அங்கேயே காத்திருக்கும். நடக்காது என்று தெரிந்தால் மட்டுமே அது உடனே லாப நட்டத்துக்குப் போகும். கேள்வியில் வரும் சொற்களை வைத்து இதை முடிவு செய்யுங்கள். ‘ஒத்திவைக்கப்பட்டது, அடுத்த காலாண்டில் வாங்க வாய்ப்புண்டு’ என்பதும் ‘கைவிடப்பட்டது’ என்பதும் வேறு பதிவுகளைக் கேட்கின்றன.

ஃபார்வர்டை மட்டும் முன்கூட்டியே முடித்துப் பணம் பெற்றாலும் இதே தர்க்கம்தான். கொள்முதல் இன்னும் எதிர்பார்க்கப்பட்டால் ரிசர்வ் காத்திருக்கும், பணம் கைக்கு வந்தது என்பது அதை லாபமாக்கிவிடாது.

## 9. பணம் பிறகு செலுத்தினால்

இயந்திரம் மார்ச் 31-ல் வந்து, பணம் ஏப்ரல் 30-ல் கொடுக்க வேண்டியிருந்து, ஃபார்வர்டும் ஏப்ரல் 30-க்குப் போடப்பட்டிருந்தால், பேசிஸ் அட்ஜஸ்ட்மென்ட் மார்ச் 31-லேயே நடக்கும். அன்று ரிசர்வில் நிற்பது இயந்திரத்துக்குப் போகும். பணம் செலுத்தும் வரை காத்திருப்பது தவறு, சொத்து பதிவான நாள்தான் கணக்கு.

அதன் பிறகு கொடுக்க வேண்டிய டாலர் கடன் ஒவ்வொரு அறிக்கைத் தேதியிலும் ஸ்பாட் விகிதத்தில் மறுமதிப்பாகி, வித்தியாசம் லாப நட்டத்துக்குப் போகும். ஃபார்வர்டின் ஏப்ரல் அசைவையும் லாப நட்டத்துக்கே விட்டால் இரண்டும் பெருமளவு ஈடாகும். சிறு வித்தியாசம் மிஞ்சும், ஏனெனில் கடன் ஸ்பாட் விகிதத்தில் நகர்கிறது, ஒப்பந்தம் கழிவு செய்த ஃபார்வர்டு விகிதத்தில் நகர்கிறது. அதைத் தேடித் திருத்த முயல வேண்டாம், அது இருக்க வேண்டிய வித்தியாசம்தான்.